ஸ்டேட்மென்ட்ட தேதி வரிசைல படிச்சா சிக்காது, பேர் வரிசைல படிங்க

கேள்வி: சார், போன வாரம் என் கார்டுல ஒரு பெரிய தொகை போச்சு. விசாரிச்சா, எப்பவோ ஃப்ரீ ட்ரையல் போட்டு மறந்துபோன ஏதோ ஒண்ணு. ஸ்டேட்மென்ட்ல இருந்த பேர வச்சு எனக்கு ஒண்ணுமே புரியல. இதே மாதிரி இன்னும் எத்தனை ஓடுதோன்னு பயமா இருக்கு. மூணு மாச ஸ்டேட்மென்ட்ட உக்காந்து வரி வரியா படிச்சேன், எதுவும் சிக்கல. எப்படித்தான் தேடறது?

பதில்:

நீங்க ஒழுங்காத்தான் படிச்சிருக்கீங்க, மூணு மாசம் பத்தல, அவ்ளோதான். மாசாமாசம் எடுக்கற சந்தான்னா மூணு மாசத்துல மூணு தடவை வந்து நிக்கும், எப்படியும் ஒரு நாள் கண்ணுல பட்டுடும். வருஷத்துக்கு ஒரே தடவை எடுக்கறது அப்படி இல்ல. ஏதோ ஒரு மூணு மாசத்த எடுத்துப் பாத்தா அது அதுக்குள்ள வந்து விழறதுக்கு நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. ட்ரையல் முடிஞ்சதும் நேரா வருஷக் கட்டணத்துக்குப் போற ஆப் நிறைய இருக்கு, ஏன்னா ட்ரையல் போடற ஸ்கிரீன்லயே வருஷத் திட்டத்ததான் முன்னாடியே டிக் பண்ணி வச்சிருப்பாங்க, நாமளும் 'ட்ரையல்தானே'ன்னு அப்படியே அமுக்கிட்டுப் போயிடுவோம்.

சரி, 12 மாசம் எடுத்தா? அப்ப வருஷ சந்தா எல்லாமே ஒரு தடவை வந்துடும், ஆனா ஒரே ஒரு தடவைதான் வரும். ஒரு தடவை வர்ற வரி சாதாரணமா ஏதோ வாங்கின மாதிரியேதான் தெரியும், அதப் பாத்து சந்தேகமே வராது. அதே பேர் ஒரு வருஷம் கழிச்சு அதே தேதி வாக்குல திரும்ப வந்தாத்தான் 'அட, இது தானா ஓடுது'ன்னு புரியும். எல்லா வருஷ சந்தாவும் ரெண்டு தடவை தெரியணும்னா 24 மாசம் வேணும், தேதி நாலஞ்சு நாள் முன்னப்பின்ன நகரும்ங்கறதால நான் எப்பவும் 25 மாசம் கேப்பேன். பேங்க் சைட்ல ஒரே தடவைல அவ்ளோ நீளத்துக்கு டவுன்லோட் குடுக்கலன்னா துண்டு துண்டா எடுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு ஒட்டிக்கங்க. பிடிஎஃப் வேண்டாம், `CSV` இல்லன்னா எக்ஸெல் ஃபைலா எடுங்க. எந்தெந்தக் கார்டு, எந்தெந்த அக்கவுண்ட்ல இருந்து நெட்ல பணம் கட்டியிருக்கீங்களோ அத்தனைக்கும் எடுங்க, இப்ப யூஸ் பண்ணாத பழைய கார்டுக்கும் சேத்து.

இனிமேதான் முக்கியமான வேலை. ஸ்டேட்மென்ட் வர்றது தேதி வரிசைல. தேதி வரிசைல படிக்கறப்ப ஒவ்வொரு வரியும் அதுக்கு முன்ன பின்ன இருக்கற மளிகை, பெட்ரோல், மருந்துக் கடைக்கு நடுவுல ஒளிஞ்சு போயிடும், ஆயிரம் வரி இப்படிப் படிச்சா யாருக்குமே கண்ணு பூத்துடும். அதையே பேர் வரிசைல அடுக்கினீங்கன்னா ஒரே ஆள் எடுத்த எல்லா வரியும் ஒண்ணா வந்து உக்காந்துடும், அப்பறம் நீங்க படிக்க வேண்டியது ஆயிரம் வரி இல்ல, சில நூறு பேர்தான்.

ஆனா அப்படியே சார்ட் பண்ணா சரியா வராது. ஒரே வியாபாரி பேருக்குப் பின்னாடி ஒவ்வொரு மாசமும் வேற வேற நம்பர் ஒட்டிட்டு வரும், நடுவுல நட்சத்திரக் குறி இருக்கும், ஒரு மாசம் பெரிய எழுத்து, ஒரு மாசம் சின்ன எழுத்து. அதனால பேரோட முன்பாதிய மட்டும் வெட்டி எடுத்து ஒரு தனி காலத்துல வச்சுக்கணும். விவரம் `B` காலத்துல இருக்குன்னு வச்சுக்கங்க, `D2`ல முதல் வரியையும் `E2`ல ரெண்டாவது வரியையும் போட்டு கடைசி வரைக்கும் கீழ இழுத்து விடுங்க:

```
=UPPER(LEFT(TRIM(SUBSTITUTE(B2,"*"," ")),14))
=COUNTIF(D:D,D2)
```

முதல் வரி நட்சத்திரத்த எடுத்துட்டு முதல் 14 எழுத்த மட்டும் வச்சுக்கும். ரெண்டாவது, அந்தப் பேர் மொத்தம் எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணிச் சொல்லும். நட்சத்திரத்த ஏன் எடுக்கணும்னா `COUNTIF` நட்சத்திரத்துக்கு 'இங்க என்ன எழுத்து வேணா இருக்கலாம்'னு அர்த்தம் எடுத்துக்கும், எண்ணிக்கை தப்பா வந்துடும். 14க்கும் ஒரு காரணம் இருக்கு: `PAYPAL *`, `GOOGLE *`, `SQ *` மாதிரி நடுவுல பணம் வாங்கிக் குடுக்கறவங்க பேர் முன்னாடி ஒட்டியிருக்கும், நிஜ வியாபாரி அதுக்குப் பின்னாடிதான் இருப்பார். ஏழு எழுத்தோட வெட்டினா பேபால் வழியா போன எல்லாமே ஒரே பேரா சேந்துடும். சில பேங்க் ஒவ்வொரு வரியையும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பரோட ஆரம்பிக்கும், அப்படி இருந்தா `LEFT` உதவாது, நம்பர் முடியற இடத்துல இருந்து `MID` போட்டு எடுக்கணும்.

இப்ப `D` காலத்த வச்சு, அதுக்குள்ள தேதிய வச்சு சார்ட் பண்ணுங்க. `E`ல இருக்கற எண்ணிக்கைதான் உங்களுக்கு வழிகாட்டி.

25 மாசத்துல 25 தடவை கிட்ட வந்தா மாச சந்தா. இதுல பெரும்பாலும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான் இருக்கும், இண்டர்நெட் பில், போன் பில், பாட்டு கேக்கற ஆப், அந்த மாதிரி. எண்ணிக்கை 27 வந்தா கொஞ்சம் நின்னு பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவைன்னா 25க்கு மேல போக வழியில்ல, அப்ப அது 28 நாளுக்கு ஒரு தடவை எடுக்கற கணக்கு. தேதியப் பாத்தாலே புரியும், ஜனவரி 30, பிப்ரவரி 27, மார்ச் 27, ஏப்ரல் 24, மே 22னு பின்னாடி நழுவிக்கிட்டே போகும். 'நாலு வாரத்துக்கு இவ்ளோ'ன்னு போட்டிருந்தத மாசக் கணக்குன்னு நினைச்சு சேந்திருப்பீங்க, வருஷத்துக்கு 12 தடவைக்குப் பதிலா 13 தடவை போயிட்டிருக்கும். அம்பதுக்கு மேல, நூறு கிட்ட வர்ற பேரையும் விட்டுடாதீங்க. அது அடிக்கடி போற கடையா இருக்கலாம், வாராவாரம் எடுக்கற ஆப்பாவும் இருக்கலாம். ஒவ்வொரு தொகையும் சின்னதா இருக்கறதால மனசு அத கணக்குலயே சேக்காது. சரியா ஏழு ஏழு நாள் இடைவெளின்னா அது சந்தா, கடைக்கு யாரும் அவ்ளோ பிசகாம போக மாட்டாங்க.

நாலஞ்சு தடவை வந்து சட்டுனு நின்னு போனதையும் ஒரு தடவை பாத்துடுங்க, அது பத்தி கீழ சொல்றேன்.

உங்களுக்கு வந்த மாதிரி ஆளு ஒளிஞ்சிருக்கற இடம் எண்ணிக்கை 2, எப்பவாவது 3 இருக்கற கூட்டம். அங்கதான் நேரம் செலவு பண்ணணும். ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தனை நாள்னு கழிச்சுப் பாருங்க. 355ல இருந்து 375 நாளுக்குள்ள இருந்தா தனியா ஒரு கலர் போட்டு வைங்க. தொகை ஒண்ணா இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, அதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. முதல் வருஷம் தள்ளுபடி விலை இருக்கும், அடுத்த வருஷம் முழு விலை. வெளிநாட்டுப் பணத்துல எடுக்கறதா இருந்தா மாற்று விகிதம் மாறிட்டே இருக்கும். நடுவுல வரி கூடியிருக்கும். தொகைய வச்சுத் தேடினா தப்பிச்சுப் போற வரி, பேரையும் இடைவெளியையும் வச்சுத் தேடினா மாட்டிடும்.

எங்கிட்ட வந்த ஒரு அம்மாவோட கணக்க இப்ப சொல்றேன், இது எப்படி நடக்குதுன்னு முழுசா புரியும். நான் தனிநபர் கணக்கு பாத்துக் குடுக்கற தொழில்ல இருக்கேன், அவங்க 2022 ஏப்ரல்ல இருந்து 2024 ஏப்ரல் வரைக்கும் ஒரு கார்டோட ஸ்டேட்மென்ட்ட எடுத்துட்டு வந்தாங்க, மொத்தம் 1,310 வரி. பேர வெட்டி அடுக்கினதும் 300 சொச்சம் பேர் ஆச்சு. ரெண்டே தடவை வந்த பேர் 61. அதுல இடைவெளி ஒரு வருஷம் கிட்ட இருந்தது நாலே நாலு. ஒண்ணு இன்ஷூரன்ஸ், அவங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு அவங்க பொண்ணு வச்சிருக்கற வெப்சைட்டோட பேரப் புதுப்பிக்கறது, வேணும். மூணாவது ஒரு பூக்கடை, வருஷா வருஷம் அக்கா பிறந்தநாளுக்கு அனுப்பறாங்களாம், அதனால அதே தேதி வாக்குல வந்திருக்கு. நாலாவது என்னன்னு அவங்களுக்கு சுத்தமா தெரியல. ஏதோ சில எழுத்து, அப்பறம் பாதில வெட்டுப்பட்ட ஒரு வார்த்தை. ரெண்டு தடவையும் 1,000, ரெண்டு தடவையும் மார்ச் 18.

பேர் ஏன் இப்படி வருதுன்னா, ஸ்டேட்மென்ட்ல தெரியறது ஆப்போட பேர் இல்ல, பணம் வாங்கற கம்பெனி தன்னோட பேமென்ட் கணக்குல பதிஞ்சு வச்சிருக்கற பேர். அதுக்கு இடமும் கம்மி, பெரும்பாலும் 22 எழுத்துக்குள்ள அடங்கணும். ஆப் ஒரு பேர்ல இருக்கும், அத நடத்தற கம்பெனி வேற பேர்ல இருக்கும், இடம் பத்தாம கடைசி வார்த்தை அறுந்து நிக்கும். அந்த எழுத்த அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டு நெட்ல தேடினா பல தடவை விடை கிடைக்கும், ஏன்னா உங்கள மாதிரியே முழிச்ச இன்னொருத்தர் எங்கயாவது கேட்டிருப்பார். இந்த அம்மா விஷயத்துல அதுவும் கிடைக்கல.

அப்ப நான் பண்றது பின்னாடி எண்ணறது. இத நீங்களும் பண்ணலாம், உங்க கார்டுல போன தொகைக்கும் இதேதான் வழி. முதல்ல அந்தப் பேரோட முதல் வரி எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். கைல இருந்த ஸ்டேட்மென்ட்ல 2023 மார்ச்சும் 2024 மார்ச்சும் இருந்துச்சு, அதனால 2022 மார்ச் ஸ்டேட்மென்ட்ட தனியா வரவழைச்சோம். இருந்துச்சு, 600. 2021 மார்ச்ச பாத்தோம், இல்ல. ஆக 2022 மார்ச் 18தான் ஆரம்பம், அதுல இருந்து மொத்தம் 2,600 போயிருக்கு. இந்த 18 பேங்க் கணக்குல ஏறின தேதி, நிஜமா கார்டுல எடுத்த தேதி பக்கத்து காலத்துல மார்ச் 16னு இருந்துச்சு. எப்பவும் எடுத்த தேதியத்தான் பிடிச்சுக்கணும், ரெண்டு மூணு நாள் வித்தியாசம் இந்தக் கணக்கக் குழப்பிடும்.

ட்ரையல் பெரும்பாலும் 7 நாள், 14 நாள், 30 நாள், இந்த மூணுல ஒண்ணா இருக்கும். மார்ச் 16ல இருந்து 7 நாள் பின்னாடி போனா மார்ச் 9, 14 நாள்னா மார்ச் 2, 30 நாள்னா பிப்ரவரி 14. இந்த மூணு நாள்ல ஏதோ ஒண்ணுலதான் அவங்க பேரக் குடுத்து கார்டு நம்பரப் போட்டிருக்கணும். அந்த அன்னைக்கு மெயில் வந்திருக்கும், பெரும்பாலும் எந்தக் கம்பெனியா இருந்தாலும் சேந்த அன்னைக்கு ஒரு வரவேற்பு மெயில் அனுப்பாம இருக்க மாட்டாங்க. அதனால மெயில்ல அந்த ஒரு மாசத்த மட்டும் தோண்டினாப் போதும். ஜிமெயில்னா தேடற பெட்டில இப்படிப் போடலாம்:

```
after:2022/02/12 before:2022/03/20 (trial OR welcome OR receipt OR subscription)
```

அவங்க மெயில்ல போட்டோம், எதுவும் வரல. ஸ்பேம்ல, குப்பைல எல்லாம் பாத்தாச்சு. இங்கதான் நிறைய பேர் கைவிட்டுடுவாங்க, ஆனா ஒண்ணும் வரலங்கறதே ஒரு தகவல். பணம் எடுத்திருக்காங்க, ரசீது இந்த மெயிலுக்கு வரல, அப்ப வேற ஏதோ ஒரு மெயில் ஐடி குடுத்து சேந்திருக்காங்கன்னு அர்த்தம். 'இதுக்கு முன்னாடி வேற ஐடி வச்சிருந்தீங்களா'ன்னு கேட்டேன், யோசிச்சுப் பாத்துட்டு பழைய போன் வாங்கினப்ப ஆரம்பிச்ச ஒரு ஐடி இருக்கறதா சொன்னாங்க. பாஸ்வேர்ட் மறந்து போயி, ரீசெட் பண்ணி உள்ள போனா, மார்ச் 2ஆம் தேதி மெயில் அப்படியே இருக்கு. ஒரு விண்ணப்பத்துக்காக நாலு பிடிஎஃப் ஃபைல ஒண்ணா சேத்து சைஸக் குறைக்கணும்னு ஒரு சாஃப்ட்வேர் எடுத்திருக்காங்க, 14 நாள் ட்ரையல். ஒரு நாள் ராத்திரி வேலை, அது முடிஞ்சதும் திரும்ப அத திறக்கவே இல்ல. ட்ரையல் முடியப் போகுதுங்கற நினைவூட்டலும், மூணு வருஷத்து ரசீதும் எல்லாமே அந்தப் பழைய மெயில்லயே வந்து படிக்கப்படாம கிடந்துச்சு. பாத்ததும் அவங்க முகம் வாடிப் போச்சு. ஏமாந்துட்டோம்ங்கற வெக்கத்துல முதல்ல வீட்ல சொல்லக்கூட தயங்கினாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லன்னு நான் அவங்ககிட்ட சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன், மறந்துட்டா பணம் தானா போற மாதிரிதான் இந்த ஏற்பாடே இருக்கு.

பின்னாடி எண்ணறதுல இன்னொரு பயன் இருக்கு. ரத்து பண்ணப் போறப்பதான் 'எந்த மெயில் ஐடில சேந்தேன்'ங்கற கேள்வி வரும், அது தெரியாம வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினா 'இந்த ஐடில எங்ககிட்ட கணக்கே இல்ல'ன்னு பதில் வந்து நிக்கும். முதல் நாள் மெயில கண்டுபிடிச்சுட்டா கம்பெனியும் ஐடியும் ரெண்டுமே ஒரே இடத்துல கிடைச்சுடும்.

ட்ரையல் போட்ட அந்த நாளே ஸ்டேட்மென்ட்ல இருக்குமான்னு கேப்பீங்க. பெரும்பாலும் இருக்காது. கார்டு உயிரோட இருக்கான்னு பாக்க சுழியமோ 1 மாதிரி ஒரு சின்ன தொகையோ போட்டுப் பாத்துட்டு விட்டுடுவாங்க, அது பேங்க் ஆப்ல ரெண்டு நாள் நிலுவைன்னு தெரிஞ்சுட்டு காணாமப் போயிடும், மாச ஸ்டேட்மென்ட்ல ஏறாது. எப்பவாவது சின்னதா ஒரு தொகை போயி அதே தொகை திரும்ப வந்திருக்கறத பாத்தீங்கன்னா குறிச்சு வைங்க, அது ஒரு ட்ரையலோட தொடக்கமா இருக்கலாம்.

இந்த வழி தோத்துப் போற ஒரு இடம் ஆப் ஸ்டோர். `APPLE.COM/BILL`ன்னு ஒரு வரி வந்தா அதுக்குள்ள ஒரு சந்தாவும் இருக்கலாம், மூணும் இருக்கலாம், கூட ஒரு பாட்டோ கேமோ வாங்கினதும் சேந்திருக்கலாம், ஏன்னா ஆப்பிள் சில சமயம் பக்கத்துப் பக்கத்து நாள்ல வாங்கினதெல்லாம் கூட்டி ஒரே வரியா எடுக்கும். தொகை மாசாமாசம் மாறும், அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஸ்டேட்மென்ட்ட எவ்ளோ உத்துப் பாத்தாலும் தெரியாது. அங்க ஸ்டேட்மென்ட்ட மூடி வச்சுட்டு ஸ்டோருக்கே போயிடணும். ஐபோன்ல `Settings` திறந்து மேல உங்க பேர அமுக்கினா `Subscriptions` இருக்கும், ஆண்ட்ராய்ட்ல ப்ளே ஸ்டோர்ல உங்க படத்த அமுக்கினா `Payments & subscriptions` இருக்கும். ஓடறது, முடிஞ்சது எல்லாம் அங்க வரிசையா தெரியும். பேபால் வழியா போறதுக்கும் பேபால் செட்டிங்ஸ்குள்ள தானா எடுக்க அனுமதி வாங்கினவங்க பட்டியல் தனியா இருக்கு.

ஸ்டேட்மென்ட்ல ஆப்பிள் வரி மாசாமாசம் வருது, ஆனா உங்க போன்ல சந்தா பட்டியல் காலியா இருக்குன்னா குழம்பாதீங்க. உங்க கார்ட வேற ஒரு ஐடில போட்டிருக்கீங்க, அவ்ளோதான், வீட்ல பிள்ளைங்க போன்லயோ பழைய டேப்லெட்லயோ போயி பாருங்க. அப்பறம் ஒரு விஷயம், இத எத்தனை பேருக்கு சொன்னாலும் ஆச்சரியப்படறாங்க: ஆப்ப அழிச்சா சந்தா நிக்காது. ஆப் போன்ல இருக்கறது வேற, பணம் எடுக்கற ஒப்பந்தம் வேற. போன்ல இல்லாத ஆப்புக்கு வருஷக் கணக்குல பணம் கட்டினவங்கள நான் பாத்திருக்கேன்.

மேல சொன்ன, நாலஞ்சு தடவை வந்து நின்னு போன வரிக்கு இப்ப வர்றேன். சில சமயம் அது நீங்களே ரத்து பண்ணதா இருக்கும். சில சமயம் அது நிக்கவே இல்ல, வேற கார்டுக்கு மாறியிருக்கும். கார்டு காலாவதியாகி புதுசு வந்தா பழைய சந்தா எல்லாம் தானா செத்துடும்னு நிறைய பேர் நம்பறாங்க. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுமே புது நம்பரையும் புதுத் தேதியையும் பேங்க்ல இருந்து வியாபாரிக்குக் கொண்டுபோயி சேக்கற சேவை வச்சிருக்காங்க, உங்க பேங்க்கும் வியாபாரியும் அதுல இருந்தா சந்தா புதுக் கார்டுல ஒண்ணும் நடக்காத மாதிரி தொடரும். அதனால எல்லாக் கார்டோட வரியையும் ஒரே ஷீட்ல ஒட்டிட்டு அடுக்குங்க. புதுக் கார்டுல தெரியற முதல் வரிய ஆரம்பம்னு நினைச்சு 14 நாள் பின்னாடி எண்ணினா மெயில்ல ஒண்ணும் சிக்காது, நிஜ ஆரம்பம் பழைய கார்டுல இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான், தெரியாத வரியப் பாத்த உடனே கோவத்துல கார்ட பிளாக் பண்ணாதீங்கன்னு சொல்றேன். கார்டையே நீங்க எங்கயும் குடுக்கல, யாரோ திருடிட்டாங்கன்னா உடனே பிளாக் பண்ணணும், அது வேற. மறந்து போன சந்தான்னு தெரிஞ்சா முதல்ல உள்ள போயி முறையா ரத்து பண்ணுங்க. 'இந்தத் தேதியோட முடியுது'ன்னு காட்டற ஸ்கிரீன போட்டோ எடுத்து, ரத்து ஆனதுக்கு வர்ற மெயிலையும் பத்திரமா வைங்க. அடுத்த கட்டணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் இழுத்தடிக்காதீங்க, ஆப் ஸ்டோர் சந்தாவுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடியே ரத்து பண்ணிடணும்.

போன பணம் திரும்ப வருமாங்கறது உங்க மனசுல ஓடற அடுத்த கேள்வியா இருக்கும். கடைசியா போன ஒரு கட்டணத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, அதுவும் ஒரு வாரத்துக்குள்ள கேட்டா இன்னும் நல்லது. உங்களுக்கு போன வாரம்தான் போயிருக்கு, அதனால இந்த லெட்டரப் படிச்சதும் முதல் வேலையா அதப் பண்ணுங்க, மத்த தேடல் ரெண்டு நாள் கழிச்சு நடக்கட்டும். ஆப்பிள் வழியா போனதுன்னா `reportaproblem.apple.com`ல கேக்கலாம், ப்ளே ஸ்டோர்னா வாங்கின பட்டியல்லயே கேக்க வழி இருக்கு, 48 மணி நேரம் தாண்டிட்டா ஆப் நடத்தறவங்ககிட்ட கேக்கச் சொல்லிடுவாங்க. நேரா கம்பெனிக்குன்னா நாலு வரில எழுதுங்க: எந்த ஐடி, எந்தத் தேதி, எவ்ளோ தொகை, புதுப்பிச்ச பிறகு ஒரு தடவைகூட உள்ள நுழையல. கடைசி வரிதான் வேலை செய்யும், அவங்க தங்களோட பதிவுலயே அத சரிபாத்துக்கலாம். அந்த அம்மாவுக்கு 2024 மார்ச்சுல போன 1,000 திரும்ப வந்துச்சு. அதுக்கு முந்தின 1,600 வரல, நான் முன்னாடியே வராதுன்னு சொல்லியிருந்தேன்.

பேங்க்ல தகராறு போடறது அதுக்கு அப்பறம். ரத்து பண்ண பிறகும் எடுத்திருந்தா உங்க பக்கம் பலம் இருக்கு, ரத்து பண்ண மெயில காட்டினாப் போதும். ரத்து பண்றதுக்கு முன்னாடி போனதுக்கு தகராறு போட்டா, நீங்க டிக் பண்ண விதிமுறைய அவங்க எடுத்துக் காட்டுவாங்க, பெரும்பாலும் தோத்துடும். ஒரு விதிவிலக்கு பாக்கலாம்: விசா 2020 ஏப்ரல்ல இருந்து கொண்டு வந்த விதிப்படி, ட்ரையல் முடிஞ்சு பணம் எடுக்கப் போற வியாபாரி குறைஞ்சது 7 நாள் முன்னாடி ரத்து பண்ற லிங்க்கோட நினைவூட்டல் அனுப்பணும். சேந்த ஐடியோட மெயில்ல, ஸ்பேம் உட்பட, அப்படி ஒண்ணு வரவே இல்லன்னு தெரிஞ்சா, உங்களோடது விசா கார்டா இருந்தா, அத பேங்க்ல எழுதிக் குடுங்க. அதுக்காகவும்தான் அந்த முதல் மெயில் ஐடியக் கண்டுபிடிக்கச் சொன்னேன்.

ரத்து பண்ண ஒவ்வொண்ணுக்கும் அது அடுத்து எடுத்திருக்க வேண்டிய தேதிய அதே ஷீட்ல பக்கத்துல எழுதி வைங்க. அந்தத் தேதி தாண்டி ரெண்டு மூணு நாள் கழிச்சு கார்ட திறந்து பாருங்க, வரி வரலன்னா அடிச்சுடலாம். வருஷ சந்தாவுக்கு இந்தத் தேதி பத்து பதினொரு மாசம் தள்ளிகூட இருக்கலாம், அதனால ஷீட்ல மட்டும் எழுதாம போன் காலண்டர்லயும் போட்டு வைங்க.